அம்மாவுக்கு 7.4, சித்திக்கு 9: எதற்குக் கவலைப்பட வேண்டும்?

கேள்வி: என் அம்மாவுக்கு 58 வயது. 51 வயதிலேயே தீட்டு நின்றுவிட்டது. ஒன்பது வருஷமாக சர்க்கரை, எடை 78 கிலோ. போன மாதம் இரண்டு நாள், இந்த மாதம் ஒரு நாள் லேசாக ரத்தம் பட்டது. ஸ்கேனில் எண்டோமெட்ரியம் 7.4 மி.மீ. என்று வந்திருக்கிறது. டாக்டர் பயாப்ஸி எடுக்கச் சொல்கிறார். ஆனால் என் சித்திக்குப் போன வருஷம் மாஸ்டர் செக்கப்பில் 9 மி.மீ. இருந்தும் ஒன்றும் செய்யவில்லை. "எனக்கு ஒன்பதுக்கே ஒண்ணும் பண்ணல, உனக்கு ஏழுக்கு எதுக்கு" என்கிறார். இன்னோர் ஆஸ்பத்திரியில், பேசாமல் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று சொல்லி, அதுவரை ரத்தம் நிற்க மாத்திரையும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: பயாப்ஸி எடுக்கச் சொன்ன டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். இந்த வாரமே முடிந்தால் நல்லது, அடுத்த வாரம் என்றாலும் குடிமுழுகிப் போய்விடாது, ஆனால் "மூன்று மாதம் கழித்து இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால் அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். மாத்திரையை இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றால் அப்படியே வையுங்கள். ஆரம்பித்திருந்தால் பெயரைக் குறித்துக்கொண்டு பயாப்ஸி எடுக்கும் டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்தம் நிற்பதற்கென்று கொடுக்கும் மாத்திரைகளில் ஒரு வகை ஹார்மோன். அது ரத்தத்தை நிறுத்துவதோடு நிற்காமல் எண்டோமெட்ரியம் என்கிற கர்ப்பப்பை உட்சவ்வின் செல்களையும் மாற்றிவிடும், பிறகு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பவருக்குக் குழப்பம். இன்னொரு வகை வெறுமனே ரத்தத்தை மட்டும் நிறுத்தும். அதில் வேறொரு சங்கடம்: ரத்தம் நின்றுவிட்டால் வீட்டில் எல்லோரும் "சரியாகிவிட்டது" என்று விட்டுவிடுவார்கள். கட்டி கட்டியாகவோ, நாப்கின் நனைந்து ஓடும் அளவுக்கோ ரத்தம் வந்தால் அது வேறு விஷயம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான்.

இனி சித்தியின் கணக்குக்கு வருவோம். ஒன்பது ஏழைவிடப் பெரிய எண்தான், அதில் சித்தி சொல்வது தப்பில்லை. ஆனால் இந்த எண் சர்க்கரை அளவைப் போலத் தனியாக நின்று அர்த்தம் தரும் எண் கிடையாது. ரத்தம் பட்டதா, படவில்லையா என்ற கேள்விக்குப் பதில் தெரிந்த பிறகுதான் இதற்கு உயிரே வருகிறது.

ஏன் என்று புரிய, அந்த உட்சவ்வு என்ன செய்துகொண்டிருக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். தீட்டு வருகிற வயதில் அது மாதாமாதம் வளரும், உதிரும். தீட்டு முடிந்த கையோடு ஸ்கேன் செய்தால் மூன்று நான்கு மி.மீ. இருக்கும், அடுத்த தீட்டு வருவதற்கு முன்பு பார்த்தால் பன்னிரண்டு, பதினான்கு என்று நிற்கும், இரண்டுமே நார்மல். அதனால்தான் நாற்பது வயதுப் பெண் 12 மி.மீ. ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு பதறி வந்தால் நான் முதலில் கேட்பது, "கடைசியாத் தீட்டு எப்போ வந்துச்சு?" என்பதைத்தான். மெனோபாஸுக்குப் பிறகு சினைப்பை ஈஸ்ட்ரோஜன் சுரப்பதை நிறுத்திவிடுகிறது. தண்ணீர் விடாத நாற்று மாதிரி உட்சவ்வு காய்ந்து சுருங்கி, அடியில் இருக்கும் மெல்லிய படலம் மட்டும் மிஞ்சுகிறது. கர்ப்பப்பையின் முன்சுவரும் பின்சுவரும் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்க, ஸ்கேனில் நடுவே பென்சிலால் கோடு கிழித்ததுபோல ஒரு வெள்ளைக் கோடு தெரியும். அந்தக் கோட்டின் தடிமனைத்தான் ரிப்போர்ட்டில் எண்டோமெட்ரியல் திக்னஸ் என்று எழுதுகிறார்கள். முன்சவ்வும் பின்சவ்வும் சேர்ந்த அளவு அது.

கர்ப்பப்பையின் உட்சவ்வில் புற்று வந்தால் பெரும்பாலும் அது உள்ளே இருக்கும் இடத்தை அடைத்துக்கொண்டு வளரும், கோடு தடிக்கும். அப்படியென்றால் கோடு மெல்லியதாக இருந்தால் புற்று இல்லை என்று சொல்லிவிடலாமா? இந்தக் கேள்வியைத்தான் தொண்ணூறுகளில் நிறைய பேர் சோதித்துப் பார்த்தார்கள். அதுவரை மெனோபாஸுக்குப் பிறகு ரத்தம் பட்ட பெண் என்றால் நேரே டி அண்ட் சி, அதாவது மயக்கம் கொடுத்துக் கர்ப்பப்பையைச் சுரண்டி எடுப்பது. பத்துப் பேரைச் சுரண்டினால் ஒருவருக்குத்தான் புற்று இருக்கும், மற்ற ஒன்பது பேருக்கு வீண் மயக்கம். 1995-ல் ஸ்காண்டிநேவிய நாடுகளின் ஆஸ்பத்திரிகள் சேர்ந்து, இப்படி ரத்தம் பட்ட 1168 பெண்களுக்கு முதலில் பிறப்புறுப்பு வழியாக ஸ்கேன் செய்து அளந்து, அப்புறம் எல்லோருக்கும் திசுவையும் எடுத்துப் பார்த்தார்கள். 114 பேருக்குப் புற்று இருந்தது. அவர்களில் ஒருவருக்குக்கூட உட்சவ்வு ஐந்து மி.மீ.க்குக் குறைவாக இல்லை. புற்று இருந்தவர்களின் சராசரி 21 மி.மீ., வெறுமனே காய்ந்து சுருங்கிய சவ்வு உள்ளவர்களின் சராசரி ஏறக்குறைய 4.

இப்போது டாக்டர்கள் வாயில் வரும் "நாலு மில்லிமீட்டர்" இப்படி வந்ததுதான். ரத்தம் பட்ட பெண்ணுக்கு, கோடு முழுசாகத் தெரிந்து, நான்கும் அதற்குக் கீழும் இருந்தால், புற்று இருக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் கீழே. அந்தப் பெண்ணுக்குப் பயாப்ஸி எடுக்காமல் வீட்டுக்கு அனுப்பலாம், திரும்பவும் ரத்தம் பட்டால் வரச் சொல்லி. சில நாடுகளில் மூன்று என்று வைத்திருக்கிறார்கள், முன்பெல்லாம் ஐந்து என்றும் வைத்திருந்தார்கள். ஐந்தை எல்லையாக வைத்தால் நூறு புற்றில் நான்கு நழுவிவிடும் என்று 1998-ல் பல ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்ததில் தெரிந்தது, அதனால் எல்லை கொஞ்சம் இறங்கியது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இந்த ஆய்வுகளில் இருந்த பெண்கள் எல்லோருக்கும் ரத்தம் பட்டிருந்தது. நாலு என்ற எல்லை அவர்களுக்காகப் போட்ட எல்லை. சித்திக்கு ரத்தம் படவில்லை. அவரை அந்தக் கோட்டில் கொண்டுபோய் நிறுத்துவது, காய்ச்சலே இல்லாதவருக்கு டெங்கு டெஸ்ட் எடுத்துப் பயமுறுத்துவது மாதிரி. ரத்தம் படாத, மெனோபாஸ் தாண்டிய பெண்களை அளந்தால் அவர்களில் பலருக்கு ஐந்து, ஏழு, ஒன்பது என்று இருக்கத்தான் செய்கிறது. பாதி நேரம் அது பாலிப் என்கிற, சவ்விலிருந்து தொங்கும் சாதுவான ஒரு சின்னச் சதையாக இருக்கும், ஆயுசு முழுக்க அது பாட்டுக்கு அங்கேயே கிடக்கும். இதையும் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்: ரத்தம் பட்டு 5 மி.மீ.யைத் தாண்டிய பெண்ணுக்கு எவ்வளவு அபாயமோ, ஏறத்தாழ அதே அபாயம் வர, ரத்தம் படாத பெண்ணுக்கு 11 மி.மீ.யைத் தாண்ட வேண்டும். உங்கள் வீட்டில் 7.4 அந்த ஐந்தைத் தாண்டி நிற்கிறது, 9 அந்தப் பதினொன்றுக்கு இந்தப் பக்கம் நிற்கிறது. பயாப்ஸி சொன்ன டாக்டரும் சித்தியின் டாக்டரும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள், அக்கா தங்கைக்குள்தான் தகராறு. ஆனால் சித்தியிடம் இதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், நாளைக்கே அவருக்கு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அந்த ஒன்பதின் அர்த்தம் அன்றைக்கே மாறிவிடும். போன வருஷத்து ரிப்போர்ட்டைக் காட்டிச் சமாதானப்பட முடியாது.

சரி, அம்மாவின் 7.4 என்ன சொல்கிறது? "புற்று இருக்கிறது" என்று சொல்லவில்லை. "இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை, திசுவை எடுத்துப் பார்" என்கிறது, அவ்வளவுதான். இந்த ஸ்கேனின் திறமையெல்லாம் விலக்குவதில்தான் இருக்கிறது. சிறிய எண் வந்தால் நம்பி நிம்மதியாக இருக்கலாம், பெரிய எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. 7.4-க்குப் பின்னால் பாலிப் இருக்கலாம், என் அனுபவத்தில் இந்த அளவுக்கு அதுதான் அடிக்கடி. ஹைப்பர்பிளேசியா என்கிற, சவ்வு தாறுமாறாகத் தடிக்கும் நிலையாக இருக்கலாம். உட்பக்கம் துருத்திய சின்ன ஃபைப்ராய்டு, அதாவது சதைக்கட்டி, கோட்டைத் தடிமனாகக் காட்டியிருக்கலாம். புற்றாகவும் இருக்கலாம். மெனோபாஸுக்குப் பிறகு ரத்தம் படும் பெண்களை மொத்தமாக எடுத்துக்கொண்டால் பத்தில் ஒருவருக்குத்தான் புற்று, மற்றவர்களுக்கு வேறு காரணம். ஆனால் அம்மாவின் எடையும் சர்க்கரையும் அந்தத் தராசை ஒரு பக்கம் கொஞ்சம் சாய்க்கின்றன, மறைப்பதில் பிரயோஜனமில்லை. சினைப்பை கடையை மூடிய பிறகும் உடம்புக் கொழுப்பு சொந்தமாகக் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் தயாரித்துக்கொண்டே இருக்கும், எடை கூடக்கூட அதுவும் கூடும். அதற்கு எதிர்த்துப் பிடிக்கப் புரொஜெஸ்டிரோன் இல்லை. உட்சவ்வு தினம் கொஞ்சம் கொஞ்சமாக உரம் வாங்கிக்கொண்டே இருக்கிறது. பயாப்ஸியைத் தள்ளிப்போட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு எண்ணோடு இதுவும் ஒரு காரணம்.

அந்த எண் எப்படி வந்தது என்றும் ஒரு தடவை பாருங்கள், ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில், அது கீழ்வழி ஸ்கேன்தானா? வயிற்றின் மேல் கருவியை வைத்து, லிட்டர் கணக்கில் தண்ணீர் குடிக்கவைத்து எடுத்தது என்றால் இந்த வேலைக்கு அது போதாது. கீழ்வழி ஸ்கேனுக்கு நேரெதிர், மூத்திரப்பை காலியாக இருக்க வேண்டும். விரல் பருமனுள்ள கருவிக்கு உறை மாட்டி, ஜெல்லி தடவி உள்ளே வைக்கிறோம். கர்ப்பப்பை கருவிக்குப் பக்கத்திலேயே வந்துவிடுவதால் மி.மீ. கணக்கை நம்ப முடிகிறது. அப்புறம், கர்ப்பப்பையை நீளவாக்கில், வாயிலிருந்து உச்சி வரை கோடு முறியாமல் ஒரே படத்தில் தெரியும்படி பிடித்து, கோடு மிகத் தடிமனாக இருக்கும் இடத்தில் அதற்குக் குறுக்கே செங்குத்தாக இரண்டு புள்ளி வைத்து அளக்க வேண்டும். சாய்வாக வைத்தால் நாலு அஞ்சாகும். வெள்ளைக் கோட்டைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம் தெரியும், அது சதையின் உள் அடுக்கு, சவ்வு அல்ல. அவசரத்தில் அதையும் சேர்த்துப் புள்ளி வைத்துவிட்டால் இரண்டு மி.மீ. சும்மா ஏறிவிடும்.

ஒரு தடவை அறுபத்தாறு வயது அம்மா ஒருவர், உள்ளாடையில் கறை பட்டதாக, 11 மி.மீ. என்று எழுதிய ரிப்போர்ட்டோடு வந்தார். மகன் வாசலிலேயே அழுதுவிட்டான். திரும்ப ஸ்கேன் செய்து பார்த்தால் நடுவில் கறுப்பாக ஓர் இடைவெளி, எட்டு மி.மீ. அகலம். கர்ப்பப்பை வாய் வயதால் சுருங்கி அடைத்துக்கொள்ள, உள்ளே ஊறிய நீர் வெளியேற வழியில்லாமல் தேங்கியிருந்தது. முன்பக்கச் சவ்வு 1.6, பின்பக்கச் சவ்வு 1.4. இரண்டையும் கூட்டினால் வெறும் மூன்று. நீரைக் கணக்கில் சேர்க்கக்கூடாது, இரண்டு ஓரங்களையும் தனித்தனியாக அளந்து கூட்ட வேண்டும் என்பதுதான் விதி, அதை யாரோ மறந்திருந்தார்கள். வாய் அடைத்ததற்குப் பின்னால் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தோம், ஒன்றுமில்லை. கறை வந்தது யோனிச் சுவர் வறண்டு உரசியதால். ஈஸ்ட்ரோஜன் க்ரீமோடு முடிந்துபோனது.

உங்கள் அம்மாவின் ரிப்போர்ட்டில் "உள்ளே நீர் இல்லை" என்றோ, "எண்டோமெட்ரியம் முழுதும் தெரிகிறது" என்றோ எழுதியிருந்தால் 7.4-ஐ அப்படியே எடுத்துக்கொள்ளலாம். எழுதவில்லை என்றாலும் அதற்காக இன்னொரு சென்டருக்கு ஓட வேண்டாம், எப்படியும் பயாப்ஸிக்குத்தான் போகிறோம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் யாருக்காவது ரத்தம் பட்டு, ஃபைப்ராய்டு மறைப்பதாலோ, கர்ப்பப்பை செங்குத்தாக நிற்பதாலோ, கோடே தெளிவாகத் தெரியவில்லை என்று ரிப்போர்ட் வந்தால், அதை "ஒன்றும் இல்லை" என்று படித்துவிடக்கூடாது. தெரியாத கோடு மெல்லிய கோடு ஆகாது. அளக்கவே முடியவில்லை என்றால் தடித்தது என்று வைத்துக்கொண்டுதான் மேலே போக வேண்டும். மார்பகப் புற்றுக்கு டாமாக்ஸிஃபென் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இந்த எண் உதவாது, அந்த மாத்திரை சவ்வுக்கு அடியில் சின்னச் சின்ன நீர்க்குமிழிகளை உண்டாக்கிக் கோட்டை ஊதிக்காட்டும். அவர்களுக்கு ரத்தம் பட்டால் எண்ணைப் பார்க்காமல் நேரே பயாப்ஸி.

மெல்லிய கோடும் ஏமாற்றும், அபூர்வமாக. இன்னோர் அம்மா, எழுபது வயது, ஒல்லியான உடம்பு, சர்க்கரை கிடையாது. ரத்தம் பட்டதற்கு வெளியே ஸ்கேன் எடுத்து 3.2 மி.மீ. வந்திருந்தது. நல்ல எண், அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பியது தப்பே இல்லை. தப்பு அதற்குப் பிறகு நடந்தது. மறுபடி ரத்தம் பட்டது, மறுபடியும் அதே ரிப்போர்ட்டைப் பார்த்து "நார்மல்தானே" என்று அனுப்பினார்கள், மூன்றாவது தடவையும் அப்படியே. எட்டு மாதம் போய்விட்டது. எங்களிடம் வந்தபோது மெல்லிய காமிரா குழாயைக் கர்ப்பப்பைக்குள் விட்டுப் பார்க்கும் ஹிஸ்டரோஸ்கோபி செய்தோம். சீரஸ் வகைப் புற்று. இந்த வகைக்கு ஈஸ்ட்ரோஜன் உரம் தேவையில்லை, காய்ந்து சுருங்கிய சவ்விலேயே முளைக்கும், கோட்டைத் தடிக்கவைக்காமலே பரவும். எண் சிறியதாக இருந்தாலும் ரத்தம் திரும்ப வந்தால் திசு பார்த்தே ஆக வேண்டும் என்று விதி வைத்திருப்பது இதனால்தான். நாலு மி.மீ. என்ற சீட்டு ஒரு தடவைக்குத்தான் செல்லும்.

ஸ்கேனில் எட்டாத இன்னோர் இடம் கர்ப்பப்பை வாய். நம்மூரில் கர்ப்பப்பை வாய்ப் புற்று குறைவான நோய் கிடையாது, அதன் முதல் அறிகுறியும் இதே ரத்தம்தான், அதுவும் ஸ்கேனில் ஆரம்பத்தில் தெரியாது. அம்மாவை இதுவரை யாராவது பிறப்புறுப்பை விரித்துப் பிடிக்கும் ஸ்பெகுலம் கருவியை வைத்துக் கண்ணால் பார்த்தார்களா என்று கேளுங்கள். நான் பார்க்கிற பாதிப் பேர் கையில் மூன்று ஸ்கேன் இருக்கும், ஒரு தடவைகூட உள்ளே பார்த்திருக்க மாட்டார்கள். கூச்சத்தில் அம்மாக்களும் சொல்ல மாட்டார்கள், கூட்டத்தில் டாக்டர்களும் விட்டுவிடுவார்கள். பயாப்ஸி எடுக்கும்போது எப்படியும் ஸ்பெகுலம் வைப்பார்கள், அப்போதே வாயைப் பார்த்து பாப் ஸ்மியரும் எடுத்துவிடச் சொல்லுங்கள். ரத்தம் நிஜமாகவே அங்கிருந்துதான் வருகிறதா, மூத்திரத்திலா, மூலத்திலா என்பதும் அப்போது தெளிவாகும். மூலத்து ரத்தத்துக்குக் கர்ப்பப்பையை எடுத்த கதையெல்லாம் இருக்கிறது.

பயாப்ஸி என்றதும் ஆபரேஷன் தியேட்டர் என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். பெரும்பாலும் ஓ.பி.யிலேயே, மயக்கம் இல்லாமல், பைப்பெல் என்ற மூன்று மி.மீ. பருமனுள்ள பிளாஸ்டிக் குழாயைக் கர்ப்பப்பைக்குள் விட்டு, உள்ளிருக்கும் கம்பியை இழுத்தால், ஊசியில் மருந்து ஏறுவதுபோலத் திசு உறிஞ்சிக்கொண்டு வரும். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். தீட்டு வலி மாதிரி ஒரு பிடிப்பு இருக்கும், சிலருக்கு அது பலமாகவே இருக்கும், வலியே இருக்காது என்று சொன்னால் நான் பொய் சொல்கிறேன் என்று அர்த்தம். ஒரு மணி நேரம் முன்பு என்ன வலி மாத்திரை போடலாம் என்று டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், அம்மாவுக்குச் சர்க்கரை என்பதால் சிறுநீரகத்தைப் பார்த்து எழுதுவார்கள். சாப்பிட்டுவிட்டே போகலாம், வெறும் வயிற்றில் போய்ச் சர்க்கரை இறங்கித் தலை சுற்றுவதுதான் அதிகம் நடக்கிறது. வாய் சுருங்கிக் குழாய் உள்ளே போகாவிட்டால் மயக்கம் கொடுத்து ஹிஸ்டரோஸ்கோபி, அந்தக் காமிரா குழாயை விட்டுப் பார்த்து எடுப்பது.

பைப்பெல் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பது. சவ்வின் ஒரு சிறு பகுதியைத்தான் அது தொடும். புற்று உள்ளே பரவலாக இருந்தால் தப்பாது. ஒரே மூலையில் பாலிப் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தால் குழாய் அதை ஒதுக்கிவிட்டுப் பக்கத்துச் சவ்வை எடுத்துக்கொண்டு வந்துவிடும். அதனால் ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். "திசு போதவில்லை" என்று வந்தால், சவ்வு நாலுக்குள் இருக்கும் பெண்ணுக்கு அது ஏறக்குறைய நல்ல செய்தி, எடுக்க ஒன்றுமே இல்லை என்று அர்த்தம். 7.4 இருக்கும் அம்மாவுக்கு அப்படி வந்தால் நல்ல செய்தி இல்லை. 7.4 மி.மீ. எதனாலோ ஆகியிருக்கிறது, அந்த எதுவோ குழாய்க்குச் சிக்கவில்லை. அடுத்து ஹிஸ்டரோஸ்கோபிதான். "புற்று இல்லை" என்று தெளிவாக வந்து, ரத்தமும் நின்றுவிட்டால் நிம்மதியாக இருக்கலாம். "புற்று இல்லை" என்று வந்தும் ரத்தம் தொடர்ந்தால் அப்போதும் ஹிஸ்டரோஸ்கோபி. ஸ்கேன் ரிப்போர்ட்டிலேயே பாலிப் என்ற சந்தேகத்தை எழுதியிருந்தால் பைப்பெல்லை விட்டுவிட்டு நேரே அதற்கே போகலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், நான் என்றால் போவேன்.

கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று சொன்னவர்களைப் பற்றி. "புள்ள பெத்தாச்சு, இனி அது எதுக்கு" என்ற பேச்சு நம்மூரில் சுலபமாக வந்துவிடுகிறது, டாக்டர்கள் வாயிலும்தான். திசு ரிப்போர்ட் இல்லாமல் எடுக்கச் சம்மதிக்காதீர்கள், இரண்டு பக்கமும் நஷ்டம் இருக்கிறது. உள்ளே இருந்தது வெறும் பாலிப் என்றால், 78 கிலோ எடையும் சர்க்கரையும் உள்ள ஒருவருக்குப் பெரிய ஆபரேஷனும் புண் ஆறாத அபாயமும் தேவையே இல்லாமல். புற்று என்றால் அது இன்னும் மோசம், ஏனென்றால் புற்றுக்குச் செய்யும் ஆபரேஷன் வேறு. முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்து எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்த்து, கர்ப்பப்பையோடு சினைப்பை, குழாய்கள், தேவைப்பட்டால் நிணநீர் முடிச்சுகள் எல்லாவற்றையும் கணக்கில் வைத்து, அந்தத் துறையில் பழகிய கை செய்ய வேண்டியது. தெரியாமல் சாதாரணமாக எடுத்துவிட்டு, பத்து நாள் கழித்து ரிப்போர்ட்டில் புற்று என்று வந்து, மறுபடி வயிற்றைத் திறக்கலாமா என்று தடுமாறும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஹைப்பர்பிளேசியா என்று வந்தால் கூடவே, செல்கள் உருமாறியிருப்பதைக் குறிக்கும் "ஏடிபியா" என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஹார்மோன் மாத்திரையோ, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் வளையமோ போதும், அப்புறம் மறுபடி ஒரு பயாப்ஸி. இருந்தால், அம்மாவின் வயதில் கர்ப்பப்பையை எடுப்பதுதான் வழி, அப்போது அந்த இன்னோர் ஆஸ்பத்திரி சொன்னது தற்செயலாகச் சரியாகிவிடும். புற்று என்றே வந்தாலும், ஒன்றிரண்டு மாத ரத்தத்திலேயே பிடிபட்ட புற்று பெரும்பாலும் கர்ப்பப்பைக்குள்ளேயேதான் இருக்கும், பலருக்கு ஆபரேஷனோடு முடிந்துவிடும்.

பயாப்ஸிக்குப் போகும்போது ஸ்கேன் ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படங்களையும் கொண்டுபோங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரைப் பட்டியலும் வேண்டும், ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது சாப்பிட்டால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். எந்தெந்தத் தேதியில் ரத்தம் பட்டது என்று காலண்டரில் குறித்துவையுங்கள். அன்று சித்தியையும் கூட அழைத்துப் போங்கள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் ஆயிற்று, தன்னுடைய ஒன்பதைப் பற்றிய சந்தேகத்தையும் அவர் அங்கேயே கேட்டுக்கொள்ளட்டும்.